லாபம் 16 லட்சம், வங்கியில் 3 லட்சம்: இடையில் பணம் போன வழி

கோவையில் கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் போனால் பம்பு பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் வரிசையாக இருக்கும். ஃபவுண்டரியிலிருந்து வார்ப்பு வாங்கி, லேத்தில் கடைந்து, துளை போட்டு, பம்பு கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அப்படி ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடப்பது. எளிதில் விளங்க வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். ஆனால் அவற்றில் தெரியும் சிக்கல் இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் பழக்கமானது.

2023-24இல் விற்பனை 200 லட்சம். அடுத்த ஆண்டு 240 லட்சம். வரி போக லாபம் 16 லட்சம். ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் வங்கியிலும் கையிலுமாக 11 லட்சம் இருந்தது, 2025 மார்ச் 31 அன்று 3 லட்சம்தான் இருக்கிறது. கேட்டால் முதலாளி, "புது லேத் வாங்கினோமில்லைங்க, எல்லாம் அதுலதான் போச்சு" என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. உண்மையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: பணப்புழக்க அறிக்கை. ஆடிட்டர் அலுவலகங்களில் கேஷ் ஃப்ளோ என்று சொல்லப்படுவது.

இதை இரண்டு விதமாகப் போடலாம். வாடிக்கையாளரிடம் வாங்கியது இவ்வளவு, சப்ளையருக்குக் கொடுத்தது இவ்வளவு என்று வரவு செலவை நேரடியாக அடுக்குவது நேர்முறை. லாபத்தில் தொடங்கி, அந்த லாபம் ஏன் பணமாக வரவில்லை என்று ஒவ்வொரு காரணமாகக் கழித்தும் கூட்டியும் போவது மறைமுக முறை. சிறு தொழிலுக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கும். காரணம், அது முதலாளியின் கேள்விக்கே விடை சொல்கிறது. அதற்கு வேண்டிய தாள்களும் ஏற்கெனவே கையில் இருப்பவைதான்.

மேசைக்கு வர வேண்டியவை

இரண்டு ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட், இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கு, இயந்திரங்கள் வாங்கிய, விற்ற விவரம், வங்கிக் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட். இவ்வளவு போதும். நம் பட்டறையின் இரண்டு பேலன்ஸ் ஷீட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவோம். எல்லாம் லட்சம் ரூபாயில்.

| | 31-3-2024 | 31-3-2025 |
|---|---|---|
| ரொக்கம், வங்கி இருப்பு | 11 | 3 |
| வரவேண்டிய பாக்கி | 38 | 60 |
| சரக்கிருப்பு | 30 | 42 |
| முன்பணம், ஜிஎஸ்டி வரவு | 4 | 6 |
| இயந்திரங்கள் (தேய்மானம் போக) | 70 | 80 |
| மொத்தச் சொத்து | 153 | 191 |
| சப்ளையர் பாக்கி | 26 | 36 |
| கொடுக்க வேண்டிய கூலி, மின்கட்டணம் | 4 | 5 |
| கட்ட வேண்டிய வருமான வரி | 2 | 3 |
| டேர்ம் லோன் | 30 | 38 |
| வங்கி சிசி கடன் | 15 | 17 |
| பங்கு மூலதனம் | 40 | 40 |
| சேர்ந்த லாபம் | 36 | 52 |
| மொத்தப் பொறுப்பு | 153 | 191 |

லாப நட்டக் கணக்கு இது. விற்பனை 240. பொருள் செலவு 138, கூலி, சம்பளம் 38, மின்சாரமும் மற்றச் செலவுகளும் 22, தேய்மானம் 12, வட்டி 9. பழைய லேத் ஒன்றை விற்றதில் 1 லாபம். ஆக, வரிக்கு முன் லாபம் 22, வரி 6, மீதி 16.

தொடங்கும் முன்பே ஒரு விடையை எழுதி வைத்துவிடுங்கள்: 11 இருந்தது 3 ஆகியிருக்கிறது, ஆகவே அறிக்கையின் கடைசி எண் 8 குறைவு என்று வந்தாக வேண்டும். கணக்கில் விடை முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய வசதி. நாம் கண்டுபிடிக்கப் போவது வழியை மட்டும்.

முதல் படி: பணம் அசையாத செலவுகளைத் திருப்பிச் சேர்ப்பது

வரிக்கு முன் லாபமான 22இல் தொடங்குகிறோம். இதில் மூன்று திருத்தங்கள்.

தேய்மானம் 12. லாபத்தைக் குறைத்த செலவு இது. ஆனால் இந்த ஆண்டு அந்தத் தொகையை யாருக்கும் கொடுக்கவில்லை. இயந்திரத்துக்கான பணம் வாங்கிய அன்றே போய்விட்டது, அல்லது கடனாக நிற்கிறது. எனவே 12ஐத் திருப்பிச் சேர்க்கிறோம். தேய்மானத்தால் பணம் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. போகாத ஒன்றை லாபத்தில் கழித்திருந்தார்கள், அதைச் சரிசெய்கிறோம், அவ்வளவே.

வட்டி 9. இது உண்மையிலேயே கட்டிய பணம்தான். ஆனால் பட்டறை எப்படி ஓடுகிறது என்பது வேறு, கடன் வாங்கி ஓடுகிறதா என்பது வேறு. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கணக்கியல் தரம் 3இன்படி, நிதித் தொழில் செய்யாத நிறுவனங்கள் கட்டிய வட்டியை நிதிப் பகுதியில் காட்ட வேண்டும். அதனால் இங்கே 9ஐச் சேர்த்துவிட்டுப் பின்னால் அந்தப் பகுதியில் கழிப்போம்.

பழைய லேத் விற்ற லாபம் 1. கணக்குப் புத்தகத்தில் 3 லட்சம் மதிப்பில் இருந்த லேத் 4 லட்சத்துக்குப் போனது. அந்த 4 லட்சமும் முதலீட்டுப் பகுதியில் முழுசாக வரப்போகிறது. இங்கே 1ஐ விட்டுவைத்தால் இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். எனவே கழிக்கிறோம்.

22 + 12 + 9 − 1 = 42. தொழில் தன் ஓட்டத்தில் ஈட்டியது 42 லட்சம். பாக்கி, சரக்கு என்று எதிலும் மாட்டாமல் இருந்திருந்தால் இவ்வளவும் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மாட்டிக்கொண்டது எங்கே

இங்கே ஒரே விதிதான். சொத்து கூடினால் பணம் அதற்குள் போய்விட்டது, கழிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய பாக்கி கூடினால் பணம் இன்னும் நம்மிடமே நிற்கிறது, சேர்க்க வேண்டும். குறைந்திருந்தால் இரண்டும் தலைகீழ்.

வரவேண்டிய பாக்கி 38இலிருந்து 60. பில் போட்டோம், லாபத்திலும் சேர்த்தோம், பணம் வரவில்லை: 22 கழிவு.

சரக்கிருப்பு 30இலிருந்து 42: 12 கழிவு. பட்டறைக்காரர்களுக்குச் சரக்கு என்றால் தயாரான பாகங்கள் மட்டுமில்லை. கடையாத வார்ப்பு, பாதி கடைந்து டிரேயில் நிற்பது, முலாம் பூசவோ சூடேற்றிப் பதமாக்கவோ ஜாப் ஒர்க்குக்கு வெளியே போயிருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் 42. வெளியே போனதை எண்ண மறந்தால் லாபமும் குறையும், சரக்கும் குறையும்.

முன்பணம், ஜிஎஸ்டி வரவு 4இலிருந்து 6: 2 கழிவு. ஜிஎஸ்டிக்கென்று வேறு தனிக் கணக்கு வேண்டாம். லாப நட்டக் கணக்கில் அது வருவதில்லை, பாக்கிகளிலும் வரவிலும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பேலன்ஸ் ஷீட் வித்தியாசத்திலேயே அடங்கிவிடும்.

சப்ளையர் பாக்கி 26இலிருந்து 36. பத்து லட்சம் கூடியிருக்கிறது, பத்தைச் சேர்த்துவிடலாம் என்று கை போகும். இங்கே நிற்க வேண்டும். அந்த 36 யார் யாருக்கு என்று லெட்ஜரைப் புரட்டினால், 5 லட்சம் புது சி.என்.சி. லேத் விற்றவருக்குத் தர வேண்டியது என்று தெரிகிறது. வார்ப்புக்கும் வெட்டுக் கருவிகளுக்கும் பாக்கி 31தான். அன்றாட ஓட்டத்தில் கூடியது 5 மட்டும். அதையே சேர்க்கிறோம். மற்ற 5க்கு என்ன செய்வது என்பதை இயந்திரக் கணக்கில் பார்ப்போம்.

கூலி, மின்கட்டணப் பாக்கி 4இலிருந்து 5: 1 சேர்ப்பு.

மொத்தம்: −22 − 12 − 2 + 5 + 1 = −30. ஈட்டிய 42 லட்சத்தில் 30 பாக்கியிலும் சரக்கிலும் தங்கிவிட்டது. மீதி 12.

மூன்றாம் படி: கட்டிய வரி

கணக்கில் வரி 6 என்று இருக்கிறது. கட்டியது எவ்வளவு? ஆண்டின் தொடக்கத்தில் கட்ட வேண்டியிருந்தது 2, இந்த ஆண்டுக்கு 6, ஆக 8. கடைசியில் நிற்பது 3. எனவே கட்டியது 5. சலான்களைக் கூட்டிப் பார்த்தாலும் 5 வர வேண்டும். வராவிட்டால் கணக்கில் ஏதோ விட்டுப் போயிருக்கிறது.

12இலிருந்து 5 போக, தொழில் நடவடிக்கையில் வந்த பணம் 7 லட்சம். இந்த 7தான் முழு அறிக்கையிலும் முக்கியமான எண்.

நான்காம் படி: இயந்திரக் கணக்கைப் பிரித்துப் போடுவது

இயந்திரங்கள் 70இலிருந்து 80 ஆகியிருக்கின்றன. பத்து லட்சத்துக்கு இயந்திரம் வாங்கினோம் என்று எழுதினால் தவறு. 70, 80 இரண்டுமே தேய்மானம் கழித்தபின் நிற்கும் எண்கள். நடுவில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. அதை ஒரு சிறு கணக்காகப் போடுங்கள்:

தொடக்க மதிப்பு 70, வாங்கியது 25, விற்ற லேத்தின் புத்தக மதிப்பு 3 கழிவு, தேய்மானம் 12 கழிவு. 70 + 25 − 3 − 12 = 80. பேலன்ஸ் ஷீட்டோடு ஒத்துப்போகிறது.

இந்த நாலு எண்ணில் எது தெரியாவிட்டாலும் மற்றவற்றிலிருந்து வந்துவிடும். பெரும்பாலும் வாங்கிய தொகைதான் உடனே கிடைக்காது. இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாங்கியது 25. ஆனால் 5 இன்னும் தரவில்லை. பணமாகப் போனது 20. பழைய லேத்துக்கு வந்தது 4. முதலீட்டுப் பகுதியின் மொத்தம் −16.

ஐந்தாம் படி: வங்கியோடு நடந்த கொடுக்கல் வாங்கல்

டேர்ம் லோன் 30இலிருந்து 38. இங்கேயும் 8 என்று ஒற்றை எண் போடக்கூடாது. வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்தால், புது லேத்துக்காக வாங்கியது 18, பழைய, புதிய கடன்களுக்குக் கட்டிய அசல் 10. இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்ட வேண்டும். வங்கி மேலாளருக்கும் முதலாளிக்கும் வேண்டிய செய்தி அந்தப் பத்தில்தான் இருக்கிறது.

சிசி கடன் 2 கூடியிருக்கிறது. இது அன்றாடம் ஏறி இறங்கும் கணக்கு என்பதால் ரொக்கத்தோடு சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். நம் ஊர் சிசி, சரக்கையும் பாக்கியையும் அடமானம் வைத்து வாங்கும் கடன். அதை நிதிப் பகுதியில் கடனாகவே காட்டுவதுதான் நேர்மையான படம். கட்டிய வட்டி 9. ஆக 18 − 10 + 2 − 9 = 1.

கூட்டிப் பார்ப்போம்

| | லட்சம் ரூ. |
|---|---|
| வரிக்கு முன் லாபம் | 22 |
| தேய்மானம் | 12 |
| வட்டி | 9 |
| லேத் விற்ற லாபம் | −1 |
| பாக்கி, சரக்கு மாற்றங்களுக்கு முன் | 42 |
| வரவேண்டிய பாக்கி கூடியது | −22 |
| சரக்கு கூடியது | −12 |
| முன்பணம், ஜிஎஸ்டி வரவு கூடியது | −2 |
| சப்ளையர் பாக்கி கூடியது (இயந்திரம் நீங்கலாக) | 5 |
| கூலி, மின்கட்டணப் பாக்கி கூடியது | 1 |
| கட்டிய வருமான வரி | −5 |
| தொழில் நடவடிக்கை | 7 |
| இயந்திரத்துக்குக் கொடுத்தது | −20 |
| பழைய லேத் விற்றது | 4 |
| முதலீடு | −16 |
| டேர்ம் லோன் வாங்கியது | 18 |
| டேர்ம் லோன் அசல் கட்டியது | −10 |
| சிசி கடன் கூடியது | 2 |
| கட்டிய வட்டி | −9 |
| நிதி | 1 |
| மொத்த மாற்றம் | −8 |
| தொடக்க இருப்பு | 11 |
| இறுதி இருப்பு | 3 |

பொருந்தாவிட்டால்

எட்டுக்குப் பதில் வேறு ஏதாவது வந்தால் முதலில் வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் பிழை அந்தத் தொகையின் இரட்டிப்பாக வரும். வித்தியாசம் 24 என்றால் பாதி 12. அறிக்கையில் 12 எங்கே இருக்கிறது? தேய்மானமும் 12, சரக்கும் 12. இரண்டில் ஒன்றின் குறி மாறியிருக்கிறது. தேய்மானத்தைக் கழித்திருந்தால் விடை 24 குறைவாக வரும், சரக்கைக் கூட்டியிருந்தால் 24 கூடுதலாக வரும். எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்பதே எது குற்றவாளி என்று சொல்லிவிடும்.

வித்தியாசம் ஒரு வரியின் தொகைக்கு அப்படியே சமமாக இருந்தால் அந்த வரி விட்டுப்போயிருக்கும். வித்தியாசம் 1 என்றால் லேத் விற்ற லாபத்தைக் கழிக்க மறந்தீர்களா என்று பாருங்கள். எதுவும் பிடிபடாவிட்டால், பேலன்ஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரியிலும் டிக் போட்டு வாருங்கள். ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் அறிக்கையில் எங்கோ ஓரிடத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். டிக் விழாத வரிதான் பிழை இருக்கும் இடம்.

பொருந்தினாலும் தவறாக இருக்கலாம்

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. சப்ளையர் பாக்கியில் இருந்த அந்த 5 லட்சத்தைப் பிரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சப்ளையர் பாக்கி 10 கூடியது என்று போட்டிருப்போம். தொழில் நடவடிக்கை 7க்குப் பதில் 12 ஆகியிருக்கும். இயந்திரத்துக்கு 25 கொடுத்தோம் என்று எழுதியிருப்போம். முதலீடு −21 ஆகியிருக்கும். 12 − 21 + 1 = −8. கணக்கு அப்படியே பொருந்தும்! யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் தொழில் ஈட்டிய பணம் 5 லட்சம் அதிகம் என்று பொய் சொல்லியிருக்கும்.

கடைசி எண் சரியாக வருவது கூட்டல் கழித்தல் சரி என்பதற்குத்தான் சான்று. எந்தத் தொகை எந்தப் பகுதிக்கு உரியது என்பதை அது காட்டாது. லெட்ஜரைத் திறந்து பார்க்காமல் இரண்டு பேலன்ஸ் ஷீட்டை மட்டும் கழித்துப் போடும் அறிக்கைகள் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். இயந்திரம் வாங்கிய ஆண்டில் சப்ளையர் பாக்கியின் பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் பார்ப்பது தவிர இதற்கு வேறு வழியில்லை.

பணம் போனது லேத்துக்கா?

இப்போது முதலாளியின் பேச்சுக்கு வருவோம். லேத்துக்காகக் கையிலிருந்து போனது 20. அதற்கென்று வங்கி தந்தது 18. பழைய லேத் தந்தது 4. ஆக 22 வந்து 20 போயிருக்கிறது. இந்த ஆண்டைப் பொறுத்தவரை லேத் 2 லட்சத்தை மிச்சம் வைத்திருக்கிறது. பணம் குறைந்ததற்கு லேத் காரணம் இல்லை.

காரணம் வேறு இடத்தில். தொழில் தந்தது 7. வங்கிக்கு அசல் 10, வட்டி 9, ஆக 19 கட்டியாக வேண்டியிருந்தது. 12 லட்சம் துண்டு விழுந்தது. சிசியில் கூடுதலாக எடுத்த 2, லேத் கணக்கில் மிஞ்சிய 2, வங்கி இருப்பிலிருந்து எடுத்த 8. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தத் துண்டை அடைத்தன.

தொழில் ஏன் 7தான் தந்தது? மிகப் பெரிய வரி, பாக்கி கூடிய 22. விற்பனை கூடியதால் பாக்கி கூடியது, இது இயல்புதானே என்று கேட்கலாம். சோதித்துப் பார்ப்போம். வரவேண்டிய பாக்கியில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறது, எனவே விற்பனையையும் 18 சதவீதம் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். போன ஆண்டு 236 லட்சத்துக்கு 38 பாக்கி, ஏறக்குறைய 59 நாள் விற்பனை. இந்த ஆண்டு 283.2 லட்சத்துக்கு 60 பாக்கி, 77 நாள். பழைய 59 நாளிலேயே வசூலாகியிருந்தால், கூடிய விற்பனைக்கும் சேர்த்து 46 லட்சம்தான் நின்றிருக்கும். ஆக, 22இல் 8 லட்சம்தான் விற்பனை வளர்ந்ததால் வந்தது. மீதி 14 லட்சம், கம்பெனிகள் 18 நாள் தாமதமாகப் பணம் தருவதால் வந்தது.

அந்த 14 வந்திருந்தால் தொழில் தந்த பணம் 21 ஆகியிருக்கும். வங்கிக்குக் கட்ட வேண்டிய 19ஐத் தாங்கியிருக்கும். வங்கி இருப்பும் குறைந்திருக்காது.

இங்கிருந்து அடுத்த அடி தெளிவு. உத்யம் பதிவு செய்த உற்பத்தி நிறுவனம் குறு, சிறு வகையில் இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. வருமான வரியில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த விதி, அந்தக் காலக் கெடுவைத் தாண்டி நிறுத்திய தொகையை, கட்டும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும் என்கிறது. வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு, கெடு தேதியையும் எழுதி அனுப்பினால், மார்ச் மாதத்தில் அவர்களே பட்டியலை எடுப்பார்கள்.

சரக்கு மதிப்பைக் கூட்டினால்?

வங்கிகள் லாபத்தைவிட இந்த அறிக்கையை ஏன் அதிகம் நம்புகின்றன என்பதற்கும் உற்பத்தித் தொழிலில்தான் நல்ல விளக்கம் இருக்கிறது. பட்டறையில் பாதி கடைந்த பாகத்துக்கு என்ன மதிப்பு போடுவது என்பதில் எப்போதும் கொஞ்சம் இடம் உண்டு. கூலியில் எவ்வளவு, மின்சாரத்தில் எவ்வளவு, தேய்மானத்தில் எவ்வளவு அதற்குள் போயிருக்கிறது என்பது மதிப்பீடுதான்.

நம் பட்டறை சரக்கை 42க்குப் பதில் 46 என்று காட்டியிருந்தால், பொருள் செலவு 4 குறைந்து வரிக்கு முன் லாபம் 26 ஆகும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பணப்புழக்க அறிக்கையில் சரக்கு கூடியது 12க்குப் பதில் 16 என்று கழியும். மேலே கூடிய 4 கீழே அப்படியே கரைந்துவிடும். வரி எழுதுவதும் கட்டுவதும் அதே அளவில் இருந்தால் தொழில் நடவடிக்கை 7லேயே நிற்கும். லாபம் ஆண்டுதோறும் ஏறி, இந்த எண் மட்டும் ஏறாமல் நின்றால், சரக்கு அறையைப் போய் எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இந்த அறிக்கை சொல்லாதது

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சிறு கம்பெனிகளுக்கும் ஒரு நபர் கம்பெனிகளுக்கும் பணப்புழக்க அறிக்கை கட்டாயமில்லை என்கிறது. தனிநபர் தொழிலுக்கும் கூட்டு வணிகத்துக்கும் அந்தச் சட்டமே பொருந்தாது. அதனால் நம் பட்டறை போன்றவற்றில் கடன் விண்ணப்பத்துக்கு வங்கி கேட்கும்போதுதான் பெரும்பாலும் இதைப் போடுகிறார்கள். அதிலும் மார்ச் 31, மார்ச் 31 என்று இரண்டு நாளின் நிலவரம்தான் தெரியும்.

பம்புத் தொழிலில் அந்த நாள் சற்று விசேஷமானது. கோடையில் பம்பு அதிகம் விற்கும் என்பதால் அதற்கு முந்தைய மாதங்களில் பாக உற்பத்தி சூடு பிடிக்கிறது. மார்ச் இறுதியில் சரக்கும் பாக்கியும் இயல்பாகவே உயரத்தில் இருக்கும். மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிட்டால் அந்தக் குழப்பம் வராது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கை எவ்வளவு இறுகியது, சிசி வரம்பை எப்போது தொட்டது என்பதெல்லாம் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் மறைந்துவிடும். ஒரு பெரிய பார்ட்டி மார்ச் 30இல் தர வேண்டியதை ஏப்ரல் 3இல் தந்தாலே தொழில் நடவடிக்கை எண் மாறிவிடும்.

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது நல்லது. கணக்கு மென்பொருளில் அந்தத் தேதிக்கான டிரையல் பேலன்ஸ் கிடைத்துவிடும். சரக்கை மட்டும் பட்டறையில் போய் எண்ண வேண்டும். நாம் போட்ட ஐந்து படிகளும் அப்படியே. முதல் தடவை போடும்போது இயந்திரக் கணக்கும் சப்ளையர் பட்டியலும் நேரம் எடுக்கும். அடுத்த தடவை அவை தயாராக இருக்கும். நம் முதலாளி ஜூன் 30க்குப் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: 77 நாள் குறைந்திருக்கிறதா, அந்தக் காலாண்டில் தொழில் தந்த பணம் அதே காலாண்டின் தவணையையும் வட்டியையும் தாங்குகிறதா. தாங்கவில்லை என்றால் அடுத்த இயந்திரத்துக்குக் கொட்டேஷன் வாங்குவதற்கு முன், பாக்கிப் பட்டியலில் முதல் மூன்று பெயர்களுக்கு ஃபோன் போட வேண்டும்.